முப்பது வைத்தேன், இருபத்திரண்டுதான் வந்தது: அந்த 96,000 எங்கே?

"வீட்டு உபயோகப் பொருட்களும் கைக்கருவிகளும் விற்கும் சிறிய கடை நடத்துகிறேன். எந்தச் சரக்கு வந்தாலும் அடக்க விலையில் 30 சதவீதம் சேர்த்து விலைச் சீட்டு ஒட்டுவேன். போன ஆண்டு விற்பனை 12,00,000. அதில் 30 சதவீதம், அதாவது 3,60,000 நிற்க வேண்டும். வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 2,80,000 போனால் எனக்கு 80,000 மிஞ்ச வேண்டும். ஆனால் இருப்பு எண்ணி ஆண்டுக் கணக்கை முடித்தபோது, விற்ற சரக்கின் அடக்கமே 9,36,000. கையில் நின்றது 2,64,000. மிச்சம் இல்லாதது மட்டுமல்ல, 16,000 நஷ்டம். மீதி 96,000 எங்கே? வழக்கமாக வருபவர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி தருவேன். பில்களைக் கூட்டினால் அது ஆண்டுக்கு 12,000தான். கல்லாவைப் பார்த்துக்கொள்பவர் 11 வருடமாக என்னோடு இருக்கிறார், அண்ணன் என்றே கூப்பிடுவேன். அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கமே இல்லை. இன்னொரு கேள்வி: 22தான் வருகிறது, 8 குறைகிறது, எல்லாப் பொருளுக்கும் 30க்குப் பதில் 38 வைத்தால் சரியாகிவிடுமா? விலையை ஏற்றினால் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது."
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள வாசகருக்கு,

அவரிடம் இன்னும் எதுவும் கேட்டுவிடவில்லை என்று நம்புகிறேன். கேட்கும் முன் இந்தப் பதிலை முழுதாகப் படித்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய எண்களைப் பார்த்தவரை, அந்த 96,000இல் பெரும்பகுதி யாருடைய கைக்கும் போகவில்லை. அது உங்கள் கல்லாவுக்கு வரவே இல்லை, வரவும் முடியாது.

முதலில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அடக்கம் 100. அதன்மேல் 30 வைக்கிறீர்கள், விலை 130. ஒருவர் 130 கொடுத்து வாங்கிப் போகிறார். இதில் உங்களுடையது 30. இதுவரை நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆண்டு முடிவில் நீங்கள் செய்தது என்னவென்றால், விற்பனைத் தொகையை எடுத்து அதில் 30 சதவீதம் கண்டீர்கள். அந்த 130இல் 30 சதவீதம் 39. உங்களிடம் இருப்பதோ 30. ஒவ்வொரு 130க்கும் 9 என்று, இல்லாத பணத்தை ஆண்டு முழுக்க எதிர்பார்த்திருக்கிறீர்கள்.

இரண்டு இடத்திலும் "30 சதவீதம்" என்றே சொல்கிறோம். ஒன்று அடக்கத்தில் 30, மற்றொன்று விலையில் 30. அடக்கத்தின்மேல் கணக்கிடுவதை மார்க்கப் என்பார்கள். விற்ற விலையில் எத்தனை சதவீதம் நம்முடையது என்பதை மார்ஜின் என்பார்கள். அதே 30ஐ 100ஆல் வகுத்தால் 30 சதவீதம், 130ஆல் வகுத்தால் 23.08 சதவீதம். லாபத் தொகை ஒன்றேதான். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் மாறுகிறது. பேச்சில் இரண்டையுமே "பர்சன்ட்" என்று சொல்லிப் பழகிவிட்டதால், பல ஆண்டு கடை நடத்தியவர்களும் இதில் வழுக்கி விழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணனைப் பற்றிய கணக்கு

இப்போது உங்கள் ஆண்டுக் கணக்குக்கு வருவோம். இதை விற்பனையிலிருந்து தொடங்காமல் அடக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் நீங்கள் 30ஐச் சேர்த்தது அடக்கத்தில்தான்.

அலமாரியிலிருந்து வெளியே போன சரக்கின் அடக்கம் 9,36,000. அதில் 30 சதவீதம் 2,80,800. ஒரு பொருள்கூட உடையாமல், ஒருவருக்கும் தள்ளுபடி தராமல், எல்லாவற்றையும் ஒட்டிய விலைக்கே விற்றிருந்தாலும் உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய அதிகபட்சம் அதுதான். நீங்கள் எதிர்பார்த்த 3,60,000க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 79,200. இந்த 79,200 ஒரு கணக்குப் பிழை. அதற்குத் திருடன் கிடையாது.

மீதி 16,800. இதுதான் உண்மையில் தேட வேண்டிய பணம். இதையும் வேறு வழியில் சரிபார்க்கலாம்: 9,36,000 அடக்கமுள்ள சரக்கு ஒட்டிய விலைக்கே விற்றிருந்தால் 12,16,800 வந்திருக்க வேண்டும். வந்தது 12,00,000. குறைவு அதே 16,800. அதில் தள்ளுபடியாகப் போனது 12,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எஞ்சுவது 4,800.

பன்னிரண்டு லட்சம் விற்ற கடையில் 4,800 என்பது 0.4 சதவீதம். உடைந்தது, பில்லில் தவறி அடித்தது, இருப்பு எண்ணும்போது விட்டுப்போனது, பழைய விலைச் சீட்டோடு விற்றது (இதைப் பிறகு சொல்கிறேன்) எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். யாரும் ஒரு காசு எடுக்கவில்லை என்று இந்தக் கணக்கு நிரூபிக்காது. எந்தக் கணக்காலும் அதை நிரூபிக்க முடியாது. ஆனால் ஒருவரைச் சந்தேகிக்க இதில் காரணம் ஏதும் இல்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம். கொள்முதல் பில்கள் எல்லாம் கணக்கில் ஏறியிருக்கின்றன, ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பை ஒழுங்காக எண்ணியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவை தவறினால் 9,36,000 என்ற எண்ணே மாறும், மேலே சொன்ன எல்லாமும் அதோடு மாறும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மார்க்கப்பையும் மார்ஜினையும் குழப்பிக்கொண்ட கடைகளில் பெரும்பாலும் முதலில் உடைவது ஒரு மனிதர்மேல் இருந்த நம்பிக்கை. பணம் "குறைகிறது" என்று தோன்றும்போது, கல்லாப்பெட்டிக்கு மிக அருகில் இருப்பவர்மேல்தான் கண் போகும். பதினோரு வருட உறவை ஒரு தவறான வகுத்தலுக்காக இழந்துவிடாதீர்கள்.

ஒன்றையும் கவனித்தீர்களா? பிழையில்லாத ஆண்டாக இருந்திருந்தாலும் 2,80,800 வந்து, செலவு 2,80,000 போய், உங்களுக்கு மிஞ்சியிருப்பது வெறும் 800. நீங்கள் எதிர்பார்த்த மிச்சம் வராததற்கு முக்கியக் காரணம் தள்ளுபடியோ உடைசலோ அல்ல. விலையே குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது.

38 வைத்தால் ஏன் போதாது

22க்கும் 30க்கும் இடையே 8, அதனால் 30இல் 8ஐக் கூட்டினால் 38 என்கிறீர்கள். இங்கே அதே குழப்பம் வேறு உருவில் திரும்பி வருகிறது. 22 என்பது விலையில் கண்ட சதவீதம். நீங்கள் 8ஐக் கூட்டுவதோ அடக்கத்தின்மேல் வைத்த சதவீதத்தில். கிலோவையும் மீட்டரையும் கூட்டுவது போன்றது இது.

போட்டே பார்ப்போம். அடக்கம் 100, விலை 138. லாபம் 38, அதை 138ஆல் வகுத்தால் 27.5 சதவீதம். முப்பதைத் தொடவில்லை. போன ஆண்டு விற்ற அதே 9,36,000 அடக்கமுள்ள சரக்குக்கு இது 3,55,680 தரும். தள்ளுபடியும் சிறு இழப்புகளும் போன ஆண்டின் விகிதத்திலேயே போனால் சுமார் 3,38,000 நிற்கும். செலவு போக உங்களுக்கு 58,000 அளவில் மிஞ்சும். அதுவும் விலை ஏறியபின் ஒரு பொருள்கூடக் குறையாமல் விற்றால்தான். நீங்களே வாடிக்கையாளர் குறைவார்களோ என்று பயப்படும்போது, குறையவே குறையாது என்று வைத்துக்கொண்டு விலை போடுவது சரியாக இருக்காது.

சரியான வழி கூட்டல் அல்ல, வகுத்தல். விலையில் 30 பங்கு உங்களுடையது என்றால் மீதி 70 பங்கு அடக்கம். அடக்கம் விலையில் 70 சதவீதம் என்று தெரிந்தால், விலை தானாக வந்துவிடும்: அடக்கத்தை 0.70ஆல் வகுக்க வேண்டும். அடக்கம் 100 என்றால் 142.86. சரிபார்க்க: லாபம் 42.86, அதை 142.86ஆல் வகுத்தால் 30 சதவீதம். உங்கள் பழக்கப்படி அடக்கத்தின்மேல் சொன்னால் 42.9 சதவீதம் வைக்க வேண்டும். 38 இல்லை.

விலையில் 25 சதவீதம் வேண்டுமானால் 0.75ஆல் வகுங்கள், 40 வேண்டுமானால் 0.60ஆல். கால்குலேட்டர் இல்லாமல் நினைவில் வைக்க ஒரு சுலபமான வழியும் உண்டு. விலையில் நாலில் ஒரு பங்கு லாபம் வேண்டுமானால் அடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை அதன்மேல் வையுங்கள். விலையில் மூன்றில் ஒன்று வேண்டுமானால் அடக்கத்தில் இரண்டில் ஒன்று, அதாவது பாதி. விலையில் பாதி வேண்டுமானால் அடக்கத்துக்குச் சமமாக, முழுதாக ஒரு மடங்கு. ஒவ்வொரு முறையும் கீழே உள்ள எண் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். மார்ஜின் ஏற ஏற மார்க்கப் அதைவிட வேகமாக ஏறுவதையும் இதில் காணலாம். அதனால்தான் "எட்டு குறைகிறது, எட்டைக் கூட்டு" என்பது எந்த இடத்திலும் சரியாக அமையாது.

விலையை ஏற்றினால் எத்தனை பேர் போனால் தாங்கும்

உங்கள் பயம் நியாயமானது. அதை மனதிலேயே வைத்திருக்காமல் எண்ணாக்கிப் பார்ப்போம். 30 சதவீத மார்க்கப்பிலிருந்து 30 சதவீத மார்ஜினுக்குப் போனால் 130 விலை 142.86 ஆகிறது. ஏற்றம் 9.9 சதவீதம், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

புதிய விலையில் 8,40,000 அடக்கமுள்ள சரக்கு விற்றால் விற்பனை 12,00,000 ஆகும், நிற்பது 3,60,000. போன ஆண்டு வெளியே போன சரக்கு 9,36,000. அதாவது பத்தில் ஒரு பொருள் விற்காமல் போனாலும் நீங்கள் எதிர்பார்த்த 80,000 கிடைத்துவிடும். 30ஐ இலக்காக வைக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்: அதற்குள் இந்த இழப்பைத் தாங்கும் இடம் இருக்கிறது. இன்றைய நிலைமையைவிட மோசமாக வேண்டுமானால், சரக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விற்காமல் போக வேண்டும். தள்ளுபடியைச் சேர்க்காமல் போட்ட கணக்கு இது. அதைச் சேர்த்தால் இடம் கொஞ்சம் சுருங்கும். அப்படியும், விலையைத் தொடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது தவறு என்பதற்கு இது போதும்.

ஆனால் எல்லாப் பொருளையும் ஒரே அளவில் ஏற்றச் சொல்லமாட்டேன். சில பொருட்களின் விலை வாடிக்கையாளருக்கு மனப்பாடம். பேட்டரி, பல்பு போல அடிக்கடி வாங்குபவை. நாலு கடையில் விலை கேட்கப்படுபவை. கடை மலிவா, விலை அதிகமா என்று மக்கள் முடிவு செய்வது இவற்றை வைத்துத்தான். இன்னொரு பக்கம், அவசரத்துக்கு வந்து வாங்கும் கொண்டி, திருகாணி, கைப்பிடி போன்றவற்றின் விலையை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. முதல் வகையை மெதுவாகத் தொடுங்கள், இரண்டாம் வகை பாரத்தைத் தாங்கட்டும்.

எவ்வளவு தாங்க வேண்டும்? உங்கள் விற்பனையில் 100க்கு 40 முதல் வகையிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் மார்ஜினை 25 சதவீதமாக்கினால் விலை ஏற்றம் வெறும் 2.6 சதவீதம், பலர் கவனிக்கவேமாட்டார்கள். அந்த 40இல் நிற்பது 10. மொத்தம் 30 வேண்டும், ஆகவே மற்ற 60இலிருந்து 20 வர வேண்டும். மூன்றில் ஒரு பங்கு. அதற்கு, மேலே சொன்னபடி, அடக்கத்தில் பாதியை அதன்மேல் வைக்க வேண்டும்: 100க்கு வாங்கியது 150. இது பழைய விலையிலிருந்து 15 சதவீத ஏற்றம், சிறியதல்ல. ஒரே நாளில் செய்யாமல், புதிய சரக்கு வர வர இரண்டு தவணையாகச் செய்யலாம்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். பட்டியலில் பாதிப் பொருட்கள் 25, பாதிப் பொருட்கள் 35, ஆகவே சராசரி 30 என்று நிம்மதி அடைவார்கள். சராசரியைப் பொருட்களின் எண்ணிக்கையில் பார்க்கக் கூடாது. விற்பனைத் தொகையில் பார்க்க வேண்டும். மேலே சொன்ன உதாரணத்திலேயே முதல் வகை 40க்குப் பதில் 60 விற்றால், அதே விலைகளில் மொத்த மார்ஜின் 28.3க்கு இறங்கிவிடும். மலிவான பொருள்தான் அதிகம் விற்கும் என்பதால், நடப்பில் சராசரி பெரும்பாலும் கீழ்ப்பக்கமே சாயும். 40, 60 என்ற என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் பில்களிலிருந்து உண்மை எண்ணைக் கண்டுபிடித்துப் போடுங்கள்.

விலைப்பட்டியலைத் திருத்துவது

ஒரு பூட்டை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். வாங்கிய விலை 240. நீங்கள் ஒட்டியிருப்பது 312. பெட்டியில் 50 பூட்டுகள், அதைக் கொண்டுவந்த வண்டிக் கூலி 300. ஒரு பூட்டுக்கு 6. ஆகவே உண்மையான அடக்கம் 246. இப்போதைய லாபம் 72 இல்லை, 66. அதை 312ஆல் வகுத்தால் 21.2 சதவீதம். 30 வேண்டுமானால் 246ஐ 0.70ஆல் வகுத்து 351.43. இதை 350 ஆக்கினால் 29.7, 355 ஆக்கினால் 30.7. இந்த அளவு ஏறியிறங்கினால் பரவாயில்லை. வட்டமாக்க வேண்டும் என்று 340க்கு இறக்கினால் 27.6 ஆகிவிடும். எப்போதும் கீழ்ப்பக்கமே வட்டமாக்கும் பழக்கம் இருந்தால் ஒரு சதவீதம் சத்தமில்லாமல் கரையும்.

வண்டிக் கூலியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதை ஏற்கனவே 2,80,000 செலவில் எழுதியிருந்தால், பொருளின் அடக்கத்திலும் சேர்த்து இரண்டு முறை எண்ணிவிடாதீர்கள். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் இருக்கட்டும். அடக்கத்தில் சேர்ப்பதே நல்லது என்பேன். எடை அதிகமுள்ள மலிவுப் பொருட்கள் எப்படி நம்மை ஏமாற்றுகின்றன என்று அப்போதுதான் தெரியும். அப்படிச் செய்தால் அந்தக் கூலியைச் செலவிலிருந்து கழித்துவிடுங்கள். அதேபோல், ஒட்டிய விலைக்குள் விற்பனை வரியும் அடங்கியிருந்தால், முதலில் வரியைக் கழித்துவிட்டு மீதியை வைத்தே மார்ஜினைக் காணுங்கள். வரி உங்கள் பணம் அல்ல.

கணினியில் ஒரு விரிதாளில் B பத்தியில் அடக்கத்தையும், C பத்தியில் இப்போதைய விலையையும் நிரப்புங்கள். பிறகு:

```
D2: =(C2-B2)/C2
E2: =B2/(1-0.30)
```

D இப்போது கிடைக்கும் மார்ஜின். E சரியான விலை. கீழே வரை இழுத்துவிட்டு, D பத்தியை வைத்து முழுப் பட்டியலையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலான பொருட்கள் 0.23 பக்கத்தில் கூட்டமாக நிற்கும். அது உங்கள் பழைய 30 மார்க்கப்பின் கைரேகை. அதற்கும் மேலே, பட்டியலின் தலையில், 0.10, 0.08 என்று சில நிற்கும். முதலில் திருத்த வேண்டியவை இவைதான். அவை பெரும்பாலும் மொத்த வியாபாரி விலை ஏற்றியபின் சீட்டு மாற்றாதவை. 80க்கு வாங்கிய தூரிகைக்கு ஒருகாலத்தில் 104 ஒட்டியிருப்பீர்கள். இன்று அது 96க்கு வருகிறது. இன்னும் 104க்கே விற்றால் மார்ஜின் 7.7 சதவீதம். 10 சதவீதம் தள்ளுபடி கேட்கும் ஒருவர் அதை எடுத்தால் 93.60க்குக் கொடுக்கிறீர்கள்; கடையே அவருக்குக் கைக்காசு போட்டுக் கொடுக்கிறது. எனவே B பத்தியில் கடைசியாக வாங்கிய விலையைத்தான் போட வேண்டும். அலமாரியில் இருப்பது பழைய விலைச் சரக்காக இருந்தாலும், அது விற்றதும் புதிய விலைக்குத்தான் நீங்கள் மறுபடி வாங்கப் போகிறீர்கள்.

பில் போடும் மென்பொருள் வைத்திருந்தால் அதையும் சோதித்துப் பாருங்கள். சிலவற்றில் லாப சதவீதம் என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கும். அது எந்தச் சதவீதம் என்று சொல்லாது. அடக்கம் 100, சதவீதம் 50 என்று போட்டுப் பாருங்கள். விலை 150 என்று வந்தால் அது மார்க்கப், 200 என்று வந்தால் மார்ஜின். இதைத் தெரிந்துகொள்ளாமல் 42.9ஐ மார்ஜின் கட்டத்தில் போட்டால் 100க்கு வாங்கியது 175 ஆகிவிடும்; வாடிக்கையாளர் ஓடுவார்கள் என்ற உங்கள் பயம் அப்போது உண்மையாகும்.

தள்ளுபடி

உங்கள் 10 சதவீதத் தள்ளுபடியை நிறுத்தச் சொல்ல மாட்டேன், ஆனால் அது எவ்வளவு வெட்டுகிறது என்று தெரிந்து கொடுங்கள். தள்ளுபடி எப்போதும் விலையில் கழிகிறது. நீங்கள் வைத்த லாபம் அடக்கத்தில் சேர்ந்தது. 130இல் 10 சதவீதம் 13. லாபமே 30தான், அதில் 13 போய் 17 நிற்கிறது. "என்னிடம் முப்பது இருக்கிறது, தேங்கிய சரக்கை முப்பது தள்ளுபடியில் கொடுத்தால் அசலாவது வரும்" என்று நினைத்துச் சிலர் கழிவு விற்பனை போடுவார்கள். 130இல் 30 சதவீதம் 39. கைக்கு வருவது 91. அசலில் 9 நஷ்டம். 30 மார்க்கப்பில் அசல் வரை இறங்க அனுமதி 23 சதவீதம்தான்.

புதிய விலைக்கு வந்தபின் ஒரு நல்லது நடக்கும். 142.86இல் 10 சதவீதம் கழித்தால் 128.57. உங்கள் வழக்கமான வாடிக்கையாளர் கொடுப்பது பழைய சீட்டு விலையான 130ஐவிடக் குறைவுதான். உங்களுக்கு நிற்பதோ 22 சதவீதம். அவர்கள் முன்பு 117 கொடுத்தவர்கள் என்பதால் ஏற்றம் அவர்களுக்கும் தெரியத்தான் செய்யும். யாராவது கேட்டால் சரக்கு விலையும் கூலியும் ஏறியிருக்கின்றன என்று உள்ளதைச் சொல்லலாம். தூரிகை போன்றவற்றில் அது முழு உண்மை.

இந்தப் பட்டியலைத் தனியாக உட்கார்ந்து போடாதீர்கள். எந்தப் பொருளுக்கு ஆட்கள் பேரம் பேசுகிறார்கள், எதை விலை கேட்காமலே எடுத்துப் போகிறார்கள் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் கல்லாவில் இருக்கும் அந்த அண்ணன்தான். முதல் வகை எது, இரண்டாம் வகை எது என்று பிரிக்கும் வேலையை அவரோடு சேர்ந்து செய்யுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தள்ளுபடியும் பில்லில் தனி வரியாக விழட்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அவர்மேல் கண் வைப்பதற்காக அல்ல, அடுத்த ஆண்டு அந்த 4,800க்குக்கூடப் பெயர் சொல்ல முடியும் என்பதற்காக.

பிறகு மூன்று மாதம் கழித்து ஒருமுறை இருப்பை எண்ணுங்கள். அந்த மூன்று மாத விற்பனையிலிருந்து விற்ற சரக்கின் அடக்கத்தைக் கழித்து, மீதியை விற்பனையால் வகுங்கள். தள்ளுபடி போக 28க்கு மேல் நின்றால் விலை வேலை செய்கிறது. 25க்குக் கீழே இருந்தால், எந்த வகையிலிருந்து அதிகம் விற்றிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.